சின்ன ஆபீசுக்கு நெட்வொர்க் ஆவணம்: எண் திட்டம், படம், மாற்ற விதி

கேள்வி: “சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் சின்ன கம்பெனியில் கிராணியாக இருக்கிறேன். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்பதால் நெட்வொர்க்கும் என் தலையில். ஒன்பது கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர், கைரேகை மெஷின், எட்டு கேமரா. எடை மேடைக் கொட்டகை 140 மீட்டர் தள்ளி இருக்கிறது; நடுவில் ஒரு குட்டி சுவிட்ச் வைத்துக் கேபிள் இழுத்திருக்கிறார்கள். எல்லாம் இணையக் கம்பெனி கொடுத்த பெட்டியில்தான் போய்ச் சேர்கிறது. முதலாளி ‘நெட்வொர்க் டிசைன் டாக்குமெண்ட் எழுதிக் கொடு’ என்கிறார். ஐபி எண்களை எப்படிப் பிரிப்பது, படத்தில் எதைக் காட்டுவது, மாற்றங்களுக்கு என்ன விதி வைப்பது?”

முதலாளி கேட்டார் என்றாலும் இந்த ஆவணத்தைப் படிக்கப்போவது அவர் இல்லை. தீபாவளிக்கு நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது, எடை மேடை கம்ப்யூட்டர் ஆபீசோடு பேசாமல் நின்று, வெளியே லாரி வரிசை பிடிக்கும் நேரத்தில், ஈப்போவிலிருந்து அவசரமாகக் கூப்பிட்ட ஆள்தான் அதைப் படிப்பார். அந்தக் கட்டடத்தை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். ‘எந்தச் சுவிட்ச், எந்த போர்ட், இந்தக் கருவிக்கு எந்த எண் வரவேண்டும்’ என்று அவர் தேடும்போது ஆறேழு பக்கத்துக்குள் விடை கிடைக்க வேண்டும். கம்பெனி வரலாறு, தொழில்நுட்ப முன்னுரை எதுவும் வேண்டாம்.

எண் திட்டத்திலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. இப்போது உங்கள் கருவிகள் அநேகமாக 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கும் எண்ணில் இருக்கும், ஏனென்றால் அந்தப் பெட்டிகள் அப்படித்தான் கடையிலிருந்து வருகின்றன. உள் உபயோகத்துக்கென்று 1996-இல் ஒதுக்கப்பட்ட மூன்று எண் தொகுதிகளில் 192.168-உம் ஒன்று, அதனால் தவறான எண் இல்லை. ஆனால் முதலாளி வீட்டு ரூட்டரும் அதே எண்ணில்தான் இருக்கும். அவர் வீட்டிலிருந்து, இணையம் வழியே ஆபீஸ் வலைக்குள் நுழையவிடும் விபிஎன் மூலம் ஆபீஸ் கணக்கைப் பார்க்க முயன்றால், 192.168.1.5 எங்கே என்று அவருடைய லேப்டாப் முதலில் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். நேரடியாகச் சொருகியிருக்கும் வலைக்குத்தான் எந்தக் கம்ப்யூட்டரும் முன்னுரிமை கொடுக்கும். விபிஎன் இணைந்துவிட்டது என்று திரையில் காட்டும், ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் திறக்காது. இந்தப் பிரச்சினைக்கு ஆபீஸ் எண்ணை மாற்றுவதைத் தவிர நல்ல மருந்து கிடையாது. ஆகவே 10 என்று தொடங்கும் தொகுதியில், பலர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் 10.0, 10.1, 10.10 ஆகியவற்றை விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். நான் இங்கே உதாரணத்துக்கு 10.27 என்று வைத்துக்கொள்கிறேன். பிறகு இன்னொரு கிளை திறந்தால் அது 10.28 ஆகட்டும்.

ஒரே சுவிட்சை எண் போட்டுத் தனித்தனி வலைகளாகப் பிரிப்பதுதான் விலான். ஐபியின் மூன்றாவது எண்ணும் விலான் எண்ணும் ஒன்றாகவே இருக்கட்டும். விலான் 10 என்பது ரூட்டர், சுவிட்ச், வைஃபை பெட்டி ஆகியவற்றை நிர்வகிக்க. அதன் எண்கள் 10.27.10.0/24. விலான் 20 ஆபீஸ் கம்ப்யூட்டர், பிரிண்டர், கைரேகை மெஷினுக்கு, 10.27.20.0/24. விலான் 30 எடை மேடைக்கு, 40 கேமராவுக்கு, 90 வெளியாள் வைஃபைக்கு. கேமரா எட்டுத்தானே, அதற்கு எதற்கு 254 எண்கள் என்று தோன்றும். எண்ணுக்கு வாடகை கிடையாது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டினால், அவசரத்தில் வந்த ஆள் ஒரு எண்ணைப் பார்த்ததும் அது எந்தப் பிரிவு என்று கணக்குப் போட வேண்டியிருக்கும். 10.27.40.13 என்றால் யாரையும் கேட்காமல் அது கேமரா என்று தெரிய வேண்டும்.

ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஒரே ஒழுங்கு இருக்கட்டும். கடைசி எண் 1 எப்போதும் ரூட்டர். 2 முதல் 49 வரை கருவியிலேயே கையால் பதிக்கும் நிலையான எண்கள். 50 முதல் 99 வரை, ரூட்டர் தானாக எண் கொடுக்கும் டிஹெச்சிபி வழியே போனாலும் குறிப்பிட்ட கருவிக்கென்று கட்டிவைத்த எண்கள். பிரிண்டரும் கைரேகை மெஷினும் இங்கே வரட்டும். 100 முதல் 199 வரை கேட்பவருக்கெல்லாம் கொடுக்கும் எண்கள். அதற்கு மேல் காலி. பிரிண்டரின் எண்ணைக் கையால் பதிப்பதைவிட ரூட்டரில் கட்டிவைப்பதே மேல், ஏனென்றால் நாளை எண் மாறினால் பிரிண்டரின் குட்டித் திரையில் பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. கேமராக்களுக்கும் அவற்றின் பதிவுப் பெட்டிக்கும் சுவிட்சுக்கும் மட்டும் கையால் பதியுங்கள்; டிஹெச்சிபி செத்துக் கிடக்கும் நேரத்திலும் அவற்றைப் பிடிக்க முடியும். வெளியாள் வைஃபையில் எண்ணின் தவணையை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள். சம்பள நாளில் கூட்டம் சேர்ந்தால் நூறு எண்கள் பெரிய தொகை இல்லை, அதிலும் சில கைபேசிகள் தங்கள் அடையாள எண்ணையே மாற்றிக்கொண்டு மறுபடி வந்து இன்னொரு எண் கேட்கும். தவணை ஒரு நாள் என்று இருந்தால் மதியத்துக்குள் எண்கள் தீர்ந்துவிடும், ‘வைஃபை பிடிக்குது, லைன் இல்லை’ என்பார்கள்.

அடுத்து, யார் யாரோடு பேசலாம் என்பதை ஒரு பத்தியாக, சாதாரண மொழியில் எழுதுங்கள். எடை மேடை கம்ப்யூட்டர், ஆபீசில் கணக்கு மென்பொருள் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரோடு மட்டும், அந்த மென்பொருளுக்குரிய வழியில் மட்டும் பேசலாம். வெளியாள் வைஃபை இணையத்துக்குப் போகலாம், உள்ளே எதையும் தொடக்கூடாது. கேமராக்கள் இணையத்துக்குப் போகக்கூடாது. இந்தக் கடைசி விதிக்கு இரண்டு பக்க விளைவுகள் உண்டு, இரண்டையும் ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள். ஒன்று, கேமராக்களும் பதிவுப் பெட்டியும் நேரத்தை இணையத்திலிருந்து வாங்குவது நின்றுபோகும். கடிகாரம் மெல்ல விலகி, குலை திருட்டு பற்றிப் போலீசுக்குக் காட்டும் நாளில் படத்தின் நேரம் எடைச் சீட்டின் நேரத்தோடு ஒத்துவராது. எனவே ரூட்டரையே நேரம் கொடுக்கச் செய்து, கேமராக்களில் நேர சர்வர் 10.27.40.1 என்று பதியுங்கள். இன்னொன்று, முதலாளி கைபேசி ஆப்பில் கேமரா பார்ப்பது நின்றுபோகும். அதற்கு விபிஎன் தான் வழி. ரூட்டரின் வெளிப்பக்க எண் 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், அது இணையக் கம்பெனி பலருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் எண்; வெளியிலிருந்து நேராக உங்கள் ரூட்டரைத் தொட முடியாது. அப்படி இருந்தால் விபிஎன் வாக்குறுதி கொடுப்பதற்கு முன் பொது எண் கிடைக்குமா என்று கம்பெனியைக் கேளுங்கள்.

படத்துக்கு வருவோம். ஒரே தாளில் எல்லாவற்றையும் வரைவதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. இரண்டு படம் வேண்டும். முதலாவது கேபிள் படம்: எந்தக் கருவியின் எந்தப் போர்ட்டிலிருந்து எந்தக் கேபிள் எங்கே போகிறது என்பது மட்டும். இரண்டாவது எண் படம்: ஐந்து பிரிவுகள், ஒவ்வொன்றின் ரூட்டர் எண், அவற்றுக்கிடையே எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பது மட்டும். கேபிள் போனால் முதல் படம், கேபிள் சரியாக இருந்தும் பேசாவிட்டால் இரண்டாவது படம். ஒவ்வொரு படத்தின் கீழும் அதையே சொற்களில் எழுதுங்கள், ஒரு கோட்டுக்கு ஒரு வாக்கியம். உதாரணமாக: ‘ஆபீஸ் சுவிட்ச் எஸ்1, போர்ட் 24-இலிருந்து ஃபைபர் எஃப்01, எடை மேடைக் கொட்டகையின் சுவிட்ச் எஸ்2, போர்ட் 9-க்குப் போகிறது, விலான் 10, 30, 40 மூன்றும் இதன் வழியே விலான் எண் குறியோடு போகின்றன.’ வரைந்த மென்பொருள் அடுத்தவர் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் இந்த வாக்கியம் திறக்கும். வாட்ஸ்அப்பில் படம் மங்கலாகப் போய்ச் சேர்ந்தாலும் போர்ட் எண்ணைத் தொலைபேசியில் படித்துச் சொல்லலாம். எஃப்01 என்ற அதே பெயர் கேபிளின் இரண்டு முனையிலும் லேபிளாக ஒட்டியிருக்க வேண்டும். சுவரில் இல்லாத பெயரைப் படத்தில் எழுதிப் பயனில்லை. எடை மேடையின் காட்டும் பெட்டி கம்ப்யூட்டரோடு சீரியல் கேபிளில் இணைந்திருந்தால் அதற்கு ஐபி எண் இருக்காது, ஆனாலும் கேபிள் படத்தில் அது வர வேண்டும். எடை வராதபோது நெட்வொர்க்கைக் குறை சொல்வதற்கு முன் பார்க்கவேண்டிய கேபிள் அதுதான்.

வாக்கியத்தில் நான் ஃபைபர் என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் இப்போதைய செப்புக் கேபிளை அப்படியே ஆவணத்தில் ஏற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. செப்பு ஈதர்நெட் கேபிளுக்கு நூறு மீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டத்தான் நடுவில் குட்டி சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய கவலை இடி. நம் பக்கம் மாலை இடி எப்படி என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு கட்டடத்துக்கு இடையே செப்பு ஓடினால், பக்கத்தில் எங்காவது மின்னல் விழும்போது இரண்டு முனையின் தரை மின்னழுத்தமும் வேறுபட்டு, அந்த வித்தியாசம் கேபிள் வழியே ஓடி இரண்டு பக்கத்துப் போர்ட்டையும் எரிக்கும். இடி அடித்த மறுநாள் சுவிட்சில் ஒரேயொரு போர்ட் மட்டும் செத்து, மற்றவை நன்றாக இருந்தால், அந்தப் போர்ட்டில் வெளிக் கேபிள் சொருகியிருந்ததா என்று பாருங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. வாங்கும்போது உள்ளே உலோகமே இல்லாத வகையைக் கேளுங்கள். எலிக்காகக் கவசம் போட்ட வகையில் உலோகம் இருக்கும். அதைப் போட்டால் தரையிறக்கமும் முறையாகச் செய்ய வேண்டும். ஆனால் ஒன்று, ஃபைபர் டேட்டா வழியை மட்டும்தான் காக்கும். கொட்டகைக்குப் போகும் மின்சார வயர் வழியே வருவதைத் தடுப்பது உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் வேலை, நான் அதில் கருத்துச் சொல்வதற்கில்லை.

இந்த எண் திட்டம் தன் கூலியைச் சம்பாதிக்கும் இடம் ஒன்று உண்டு. யாராவது ஒருவர், சிக்னல் வரவில்லை என்று வீட்டில் கிடந்த பழைய வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து சுவரில் உள்ள போர்ட்டில் சொருகுவார். கேபிளை உள்பக்கப் போர்ட்டில் சொருகிவிட்டால் அந்தப் பெட்டியும் எண் கொடுக்கத் தொடங்கும். அதன்பின் சிலருக்கு வேலை செய்யும், சிலருக்குச் செய்யாது, காலையில் வந்த லைன் மதியம் போகும். பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரில் `ipconfig /all` அடித்து `DHCP Server` என்ற வரியைப் பாருங்கள். 10.27.20.1 இருக்க வேண்டிய இடத்தில் 192.168.0.1 இருந்தால் விஷயம் முடிந்தது. எங்கோ ஒரு வேற்றுப் பெட்டி இருக்கிறது. ஆபீசே 192.168.0-இல் ஓடியிருந்தால் இரண்டு விடையும் ஒரே மாதிரி தெரிந்து அரை நாள் போயிருக்கும். 169.254 என்று தொடங்கும் எண் வந்தால் கதை வேறு: யாருமே எண் கொடுக்கவில்லை, கேபிளையோ விலானையோ பாருங்கள். உங்கள் சுவிட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதி இருந்தால், ஒவ்வொரு சுவிட்சிலும் ரூட்டர் பக்கம் போகும் போர்ட்டை மட்டும் நம்பச் சொல்லி அதைப் போட்டுவிடுங்கள், இந்தத் தொல்லையே வராது.

இனி மாற்ற விதி. பெரிய கம்பெனிப் படிவங்களைப் பார்த்து எழுதினால் ஒருவரும் பின்பற்ற மாட்டார்கள். உங்கள் அளவுக்கு நான் வைக்கும் விதிகள் கொஞ்சம்தான். மாற்றத்துக்கு முன் பெரிய கிராணியிடம் என்ன, எப்போது, எவ்வளவு நேரம் என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். கடைசி லாரி எடை போட்டுப் போன பிறகே தொட வேண்டும். சம்பளத்துக்கு முந்தின இரண்டு நாளும் காலை பெரட்டு நேரமும் தடை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். தொடங்குமுன் இப்போதைய அமைப்பைச் சேமித்து, ரூட்டருக்கு வெளியே நகல் வைக்க வேண்டும். எந்த மணிக்குள் முடியாவிட்டால் பழையபடி திருப்புவது என்பதை முன்கூட்டியே எழுத வேண்டும். ஆவணத்தில் அந்த எண்ணும் படமும் திருத்தப்படும் வரை வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. அவசரம் என்றால் முதலில் சரிசெய்யுங்கள், மறுநாள் வேலை முடிவதற்குள் எழுதுங்கள். இவற்றில் திருப்பும் நேரத்தை எழுதும் விதியைத்தான் எல்லோரும் தவிர்ப்பார்கள். ‘இன்னும் பத்து நிமிஷம், வந்துவிடும்’ என்று இரவு பதினொன்று வரை போவது அதனால்தான்.

இதை ஒரு வேலையில் வைத்துப் பார்ப்போம்: கேமராக்களைப் பழைய வலையிலிருந்து விலான் 40-க்கு மாற்றுவது. முதலில் பதிவுப் பெட்டியின் முதுகைப் பாருங்கள். கேமராக்கள் நேராக அதன் பின்னால் உள்ள போர்ட்களில் சொருகியிருந்தால், அவை அந்தப் பெட்டியின் சொந்த உள்வலையில் இருக்கின்றன. பெட்டியின் ஓர் எண்ணை மாற்றினால் போதும். சுவிட்ச் வழியாக வரும் கேமராக்கள்தான், அதாவது எடை மேடைப் பக்கம் உள்ளவைதான், தனித்தனியே மாற வேண்டும். உங்களிடம் மைக்ரோடிக் ரூட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். ரூட்டரில் விலானை உருவாக்க இவ்வளவுதான்; டிஹெச்சிபி, இணையத் தடை, நேரம் கொடுப்பது ஆகியவற்றைத் தனியே போட வேண்டும்:

```
/export file=before-vlan40
/interface vlan add name=vlan40 vlan-id=40 interface=bridge1
/ip address add address=10.27.40.1/24 interface=vlan40
/interface bridge vlan add bridge=bridge1 tagged=bridge1,ether2 vlan-ids=40
```

இதில் `bridge1`, `ether2` என்பவை உங்கள் ரூட்டரில் இருக்கும் பெயருக்கேற்ப மாறும். `ether2` என்பது சுவிட்ச் எஸ்1-க்குப் போகும் போர்ட். முதல் வரியில் சேமித்த கோப்பை உடனே உங்கள் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொள்ளுங்கள். இந்த வரிகள் புதிதாகச் சேர்க்கின்றன, ஓடிக்கொண்டிருப்பதை வெட்டுவதில்லை. ஆபத்தான இடம் `vlan-filtering` என்பதை முதன்முதலாகப் போடும் நேரம். உங்கள் நிர்வாக விலான் சரியாகச் சேர்க்கப்படாவிட்டால் நீங்களே வெளியே நிற்பீர்கள். அதற்குமுன் டெர்மினலில் `Ctrl+X` அழுத்திப் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடுங்கள். இணைப்பு அறுந்தால் ரூட்டர் தானே பழைய நிலைக்குத் திரும்பும். எல்லாம் சரி என்று பார்த்ததும் மறுபடி `Ctrl+X` அழுத்தினால்தான் மாற்றம் நிலைக்கும்.

பிறகு சுவிட்ச். தூரத்தில் உள்ளதை முதலில் மாற்றுங்கள்: கொட்டகையின் எஸ்2, போர்ட் 9-இல் விலான் 40-ஐச் சேர்த்துவிட்டு, அதன் பிறகு ஆபீஸ் எஸ்1, போர்ட் 24. சேர்ப்பதில் பெரும்பாலும் ஒன்றும் அறுந்துபோகாது. நீக்கும்போதும் நிர்வாக விலானை மாற்றும்போதும் வரிசை தலைகீழாகப் போனால், தூரத்துச் சுவிட்சை எட்டும் வழியை நீங்களே மூடிவிட்டு, இருட்டில் 140 மீட்டர் நடக்க வேண்டிவரும். அதனால் எப்போதும் ஒரே பழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. அடுத்து ஒரேயொரு கேமராவை எடுங்கள். பழைய வலையில் இருக்கும்போதே அதன் எண்ணை 10.27.40.11 ஆக மாற்றுங்கள். மாற்றிய கணமே அது கண்ணிலிருந்து மறையும், பயப்பட வேண்டாம். இப்போது அதன் சுவிட்ச் போர்ட்டை விலான் 40-இல் போட்டு, ரூட்டரிலிருந்து `ping` அடித்து வருகிறதா என்று பாருங்கள். போர்ட்டை முதலில் மாற்றிவிட்டு எண்ணை மறந்தவர்கள், பழைய எண்ணோடு புது வலையில் சிக்கிய கேமராவைத் தேடி ஏணி ஏறியிருக்கிறார்கள். முதல் கேமரா வந்த பிறகே பதிவுப் பெட்டியும் மற்றவையும். சுவிட்சில் `Save` என்ற பொத்தான் தனியாக இருக்கும் வகை என்றால் அதை அழுத்தியாயிற்றா என்று இன்னொரு தடவை பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த மின்தடை எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும்.

சோதனையையும் எழுதிவைத்துச் செய்யுங்கள்: ஒரு வெற்று எடைச் சீட்டு எடை மேடையிலிருந்து ஆபீஸ் கணக்கில் ஏறுகிறதா, எல்லாக் கேமராவும் பதிகிறதா, நேரம் சரியா, கேமரா வலையில் ஒரு லேப்டாப்பைச் சொருகினால் இணையம் வராமல் இருக்கிறதா. கடைசியாகச் சொன்னதைப் பலர் விடுவார்கள். திறந்திருப்பதைச் சோதிப்பவர்கள் மூடியிருப்பதைச் சோதிப்பதில்லை. பழைய 192.168 வலையை ஒரு வாரம் விட்டுவைத்து, அதில் யாரும் மிச்சமில்லை என்று ரூட்டரின் டிஹெச்சிபி பட்டியலிலும், அதனோடு பேசிய கருவிகளைக் காட்டும் ஏஆர்பி பட்டியலிலும் பார்த்த பிறகு, தனி மாற்றமாக நீக்குங்கள். கையால் எண் பதித்த கருவி முதல் பட்டியலில் தெரியாது, இரண்டாவதில்தான் தெரியும்.

மேலே சொன்னவற்றில் எண் மோதல், நூறு மீட்டர் எல்லை, இடி, தூரத்தை முதலில் மாற்றுவது ஆகியவை எந்த ஆபீசுக்கும் அப்படியே பொருந்தும். பிரிவுகள் ஐந்துதான் வேண்டுமா என்பது என் கருத்து மட்டும். உங்கள் சுவிட்ச் விலான் தெரியாத மலிவு வகையாக இருந்து, புதிது வாங்க முதலாளி இப்போது சம்மதிக்காவிட்டால், வெளியாள் வைஃபையை மட்டும் பிரித்துவிட்டு மற்றதை ஒரே 10.27.20-இல் வைத்துத் தொடங்கலாம். எண் ஒழுங்கு அப்போதும் அதேதான். அந்தக் கணக்கு மென்பொருள் எந்த போர்ட் எண்ணில் பேசுகிறது என்பதை விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஊகித்துத் திறக்காதீர்கள்.

இணைப்பு விவரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யூனிஃபை ஃபைபர் என்றால் இணையம் விலான் 500-இல், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ வழியாக வரும்; ரூட்டர் எரிந்து புதிது வைக்கும் நாளில் அந்த எண்ணும் பயனர் பெயரும் இல்லாமல் ஒன்றும் நகராது. கணக்கு எண், புகார் எண், பிரிவுகளின் பட்டியல் எல்லாம் ஆவணத்தில் இருக்கலாம். கடவுச்சொற்கள் கூடாது, அவை ஒட்டிய உறையில் முதலாளியின் பெட்டகத்தில் இருக்கட்டும், உறை எங்கே இருக்கிறது என்ற வரி மட்டும் ஆவணத்தில் வரட்டும். அச்சிட்ட பிரதி ஒன்று சுவிட்ச் பெட்டிக் கதவின் உள்பக்கம், இன்னொன்று எடை மேடைக் கொட்டகையில், இரண்டிலும் திருத்திய தேதியோடு. நெட்வொர்க் விழுந்த நேரத்தில் கூகுள் டிரைவில் இருக்கும் பிரதியை ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாராலும் திறக்க முடியாது.